பாடம் மாறும் இடத்தில் ஒரு காலிப்பக்கம்

பத்தாம் வகுப்புக்குக் கணக்கில் ஒரு அலகுத் தேர்வு. வினாத்தாள் ஐந்து பக்கம் வந்தது. திருத்துவதற்கு வசதியாக விடைக்குறிப்பையும் மூன்று பக்கத்தில் தட்டச்சு செய்து, இரண்டையும் ஒரே கோப்பாகச் சேர்த்து, பென்டிரைவில் போட்டு அச்சடிக்கக் கொடுத்தேன். "இரண்டு பக்கமும் போடுங்க, நாற்பது செட்" என்று சொல்லிவிட்டு வந்தேன். மறுநாள் காலை கட்டு வந்தது. ஒவ்வொரு செட்டிலும் நான்கு தாள். முதல் மூன்று தாள் வினா, கடைசித் தாள் விடை என்று மனக்கணக்குப் போட்டேன். எல்லாச் செட்டிலும் கடைசித் தாளை உருவி மேசை இழுப்பறையில் வைத்துப் பூட்டினேன். மீதியை வகுப்பில் கொடுத்தேன்.

பத்து நிமிடம் ஆகியிருக்கும். இரண்டாம் வரிசையில் ஒரு மாணவி எழுந்தாள். "சார், கடைசிப் பேப்பருக்குப் பின்னாடி விடை இருக்கு சார்" என்றாள். திருப்பிப் பார்த்தேன். மூன்றாம் தாளின் முன்பக்கத்தில் ஐந்து மதிப்பெண் வினாக்கள். பின்பக்கத்தில் ஒரு மதிப்பெண் வினாக்களுக்கான விடைகள், ஒன்று விடாமல். தேர்வை நிறுத்திவிட்டு வேறு வினாக்களைக் கரும்பலகையில் எழுத வேண்டியதாயிற்று. கடைக்காரர் சொன்னபடியே செய்திருந்தார். தவறு என் கோப்பில் இருந்தது. ஐந்தாம் பக்கத்துக்குப் பிறகு ஒரு காலிப்பக்கம் வைத்திருந்தால் விடைக்குறிப்பு புதிய தாளில் தொடங்கியிருக்கும். கடைசி இரண்டு தாளை உருவியிருப்பேன், வகுப்புக்கு வினா மட்டும் போயிருக்கும்.

அன்றிலிருந்து அச்சடிக்கக் கொடுக்கும் எந்தக் கட்டுக்கும் இந்தக் கணக்கைப் போட்டுவிட்டுத்தான் கொடுக்கிறேன். பருவத் தேர்வு, திருப்புதல் தேர்வு, பயிற்சித் தாள், கற்றல் விளைவு அட்டவணை என்று நாம் ஆண்டு முழுவதும் கட்டுக் கட்டாக அச்சடிக்கிறோம். அவற்றைப் பாடவாரியாகவோ வகுப்புவாரியாகவோ பிரிக்க வேண்டி வரும்போது கட்டு ஒழுங்காகப் பிரியுமா பிரியாதா என்பது கோப்பைச் சேர்க்கும்போதே முடிவாகிவிடுகிறது.

முதலில் இரண்டு சொற்களைப் பிரித்துக்கொள்வோம். பேச்சில் தாளையும் பக்கத்தையும் நாம் கலந்தே சொல்கிறோம். "நாலு பேப்பர்" என்றால் நான்கு தாளா, நான்கு பக்கமா என்று சொன்னவரைத்தான் கேட்க வேண்டும். இந்தக் கட்டுரையில் தாள் என்றால் கையில் எடுக்கும் காகிதம். பக்கம் என்றால் அதன் ஒரு முகம். ஒரு தாளுக்கு இரண்டு பக்கம். இருபக்க அச்சில் கோப்பின் 1, 3, 5 என ஒற்றைப்படைப் பக்கங்கள் எல்லாம் தாளின் முன்பக்கத்தில் விழும். 2, 4, 6 என இரட்டைப்படைப் பக்கங்கள் பின்பக்கத்தில் விழும். ஒரு பகுதி தனியாகப் பிரிய வேண்டுமானால் அது முன்பக்கத்தில், அதாவது ஒற்றைப்படைப் பக்கத்தில் தொடங்க வேண்டும். அதற்கு முந்தைய பகுதி இரட்டைப்படைப் பக்கத்தில் முடிந்திருக்க வேண்டும். அப்படி முடியாத இடத்தில் ஒரு காலிப்பக்கத்தைச் சேர்த்து முடிய வைக்கிறோம்.

ஒரு உதாரணத்தை முழுதாகப் போட்டுப் பார்க்கலாம். பத்தாம் வகுப்பு மாணவர்கள் நாற்பது பேருக்கு ஐந்து பாடத்துக்கும் மாதிரி வினாத்தாள் அடங்கிய ஒரு கட்டு. பாட ஆசிரியர்கள் தனித்தனியாக அனுப்பிய கோப்புகளில் பக்கங்கள் இப்படி இருக்கின்றன:

தமிழ் 7
ஆங்கிலம் 6
கணக்கு 5
அறிவியல் 8
சமூக அறிவியல் 9

மொத்தம் 35 பக்கம். அப்படியே ஒன்றன்பின் ஒன்றாகச் சேர்த்தால் தமிழ் 1 முதல் 7 வரை. ஆங்கிலம் 8இல் தொடங்கி 13இல் முடியும். கணக்கு 14இல் தொடங்கி 18இல் முடியும். அறிவியல் 19 முதல் 26 வரை. சமூக அறிவியல் 27 முதல் 35 வரை. இப்போது தொடக்கப் பக்கங்களை மட்டும் பாருங்கள். ஆங்கிலம் 8, கணக்கு 14. இரண்டும் இரட்டைப்படை, ஆகவே பின்பக்கம். தமிழின் கடைசிப் பக்கமும் ஆங்கிலத்தின் முதல் பக்கமும் ஒரே தாளின் இரு முகங்கள். ஆங்கிலத்தின் கடைசிப் பக்கத்தின் முதுகில் கணக்கு தொடங்குகிறது. தமிழாசிரியர் தன் பகுதியை எடுத்துக்கொண்டால் ஆங்கிலத்தின் முதல் பக்கமும் அவரோடு போய்விடும்.

இதில் ஒரு பொறி இருக்கிறது. அறிவியலும் சமூக அறிவியலும் ஒற்றைப்படைப் பக்கத்தில், சரியாகவே தொடங்கியிருக்கின்றன. தமிழின் 7 பக்கம் எல்லாவற்றையும் ஒரு பக்கம் தள்ளிவிட்டது. கணக்கின் 5 பக்கம் இன்னொரு முறை தள்ளி மீண்டும் நேராக்கிவிட்டது. இரண்டு ஒற்றைப்படை சேர்ந்தால் இரட்டைப்படை என்று ஆறாம் வகுப்பில் நாம் சொல்லிக்கொடுப்பதுதான். அச்சான கட்டின் முதல் பாடத்தையும் கடைசிப் பாடத்தையும் மட்டும் புரட்டிப் பார்ப்பவருக்கு எல்லாம் சரி என்றே தோன்றும். நடுவில்தான் கோளாறு இருக்கும். அதனால் எத்தனை பகுதி இருந்தாலும் ஒவ்வொன்றின் தொடக்கத்தையும் பார்க்க வேண்டும்.

சரி செய்ய வேண்டியது இவ்வளவுதான். ஒற்றைப்படைப் பக்கம் கொண்ட மூன்று பாடங்களின் முடிவில் ஒவ்வொரு காலிப்பக்கம். தமிழ் 8 ஆகிறது, கணக்கு 6, சமூக அறிவியல் 10. மற்ற இரண்டும் அப்படியே. மொத்தம் 38 பக்கம், 19 தாள். இப்போது தமிழ் 1இல், ஆங்கிலம் 9இல், கணக்கு 15இல், அறிவியல் 21இல், சமூக அறிவியல் 29இல் தொடங்குகின்றன. எல்லாமே ஒற்றைப்படை.

"காலிப்பக்கத்துக்கெல்லாம் காகிதம் செலவழிக்க முடியுமா?" என்று கேட்பவர்கள் உண்டு. எங்கள் தலைமையாசிரியரும் கேட்டார். காலிப்பக்கம் இல்லாமல் 35 பக்கத்துக்கே 18 தாள் வேண்டும். சேர்த்த பிறகு 19. ஒரு கட்டுக்கு ஒரே ஒரு தாள்தான் கூடுதல். நாற்பது கட்டுக்கு நாற்பது தாள். ஐந்நூறு தாள் உள்ள ஒரு ரீமில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. கட்டைப் பிரிக்க முடியாமல் ஒரு பாடத்தை மறுபடி அச்சடித்தால் அதைவிடக் கூடுதலாகப் போகும். ஆங்கிலம் மட்டுமே மூன்று தாள், நாற்பது பேருக்கு 120.

அடுத்தது பிரிப்புத் தாள். பாடத்தின் பெயரைப் பெரிய எழுத்தில் போட்டு, இரண்டு பாடங்களுக்கு நடுவில் வைக்கும் தாள் அது. பெரிய கட்டில் பக்கவாட்டில் பார்த்தவுடனே எங்கே பிரிக்க வேண்டும் என்று தெரிய இது உதவும். ஆனால் காலிப்பக்கத்தைச் சரியாக வைப்பவர்களும் இதில்தான் சறுக்குகிறார்கள். பிரிப்புத் தாளைக் கோப்பில் சேர்க்கும்போது ஒரே ஒரு பக்கமாகச் சேர்த்துவிடுகிறார்கள். மேலே உள்ள கட்டில் தமிழ் 8ஆம் பக்கத்தில் முடிகிறது. அடுத்து 'ஆங்கிலம்' என்று எழுதிய பக்கம் 9, முன்பக்கத்தில் விழுகிறது. நல்லது. ஆனால் ஆங்கில வினாத்தாளின் முதல் பக்கம் 10 ஆகி, அந்தப் பிரிப்புத் தாளின் பின்பக்கத்திலேயே அச்சாகிவிடுகிறது. பிரிப்புத் தாளை உருவி எடுத்தால் ஆங்கிலத்தின் முதல் பக்கமும் போய்விடும். அதுவரை செய்த சரிசெய்தல் வீண்.

பிரிப்புத் தாள் ஒரு தாள். ஆகவே கோப்பில் அதற்கு இரண்டு பக்கம் வேண்டும். முன்னால் பாடப்பெயர், பின்னால் காலி. நம் கட்டில் நான்கு பிரிப்புத் தாள் வைத்தால் எட்டுப் பக்கம் கூடி 46 பக்கம், 23 தாள் ஆகும். நாற்பது கட்டுக்கு 160 தாள் கூடுதல். மாணவரிடம் போகிற கட்டுக்கு இது தேவையில்லை என்பது என் கருத்து. காலிப்பக்கமே போதும். வட்டார வள மையத்துக்கோ வேறு பள்ளிகளுக்கோ பிரித்து அனுப்பும் பெரிய கட்டுகளுக்குப் பிரிப்புத் தாள் நல்லது. அங்கும் அதைக் கோப்பில் சேர்க்காமல், இளஞ்சிவப்பு, மஞ்சள் போன்ற வண்ணத் தாள்களை வாங்கி வைத்துக்கொண்டு கையால் செருகிவிடலாம். வேலை முடிந்ததும் அவற்றை எடுத்து அடுத்த தேர்வுக்கும் பயன்படுத்தலாம். எங்கள் அலுவலகத்தில் உள்ள மஞ்சள் தாள்கள் மூன்று தேர்வைப் பார்த்துவிட்டன.

இனி கணினியில் இதைச் செய்வது எப்படி என்று பார்ப்போம். எல்லாப் பாடமும் ஒரே ஆவணத்தில் தட்டச்சு செய்யப்பட்டிருந்தால் காலிப்பக்கத்தை நாமே சேர்க்க வேண்டியதில்லை. வேர்டில் புதிய பாடம் தொடங்கும் இடத்தில் கர்சரை வைத்து `Layout` பட்டியலில் `Breaks` சென்று, `Section Breaks` கீழே உள்ள `Odd Page` என்பதைத் தேர்ந்தால் போதும். அந்தப் பாடம் எப்போதும் ஒற்றைப்படைப் பக்கத்தில்தான் தொடங்கும். முந்தைய பாடத்தில் பிறகு இரண்டு வினாவைக் கூட்டினாலும் குறைத்தாலும் வேர்டே சரி செய்துகொள்ளும். என்டர் விசையை இருபது முறை தட்டி அடுத்த பக்கத்துக்குப் போகிறவர்கள் இதை ஒருமுறை செய்து பார்க்கலாம். ஒரு விஷயம் மட்டும் குழப்பும்: வேர்டு சேர்த்த அந்தக் காலிப்பக்கம் திரையில் தெரியாது. பக்க எண் 7க்கு அடுத்து 9 என்று தாவும். அந்தத் தாவல்தான் நடுவில் ஒரு காலிப்பக்கம் இருப்பதற்கு அடையாளம். பக்க எண்ணைச் சிலர் தவறு என்று நினைத்துக் கையால் மாற்றுகிறார்கள். மாற்ற வேண்டாம். வேர்டு ஒற்றைப்படையா இரட்டைப்படையா என்று பார்ப்பது அந்த எண்ணை வைத்துத்தான்.

பல பள்ளிக் கணினிகளில் லிப்ரே ஆபீஸ் இருக்கிறது. அதன் ரைட்டரில் `Insert` பட்டியலில் `Manual Break` இருக்கும். புதிய பதிப்புகளில் அது `More Breaks` என்பதன் உள்ளே இருக்கிறது. திறக்கும் பெட்டியில் `Page break` தேர்ந்து, பக்கப் பாணியாக நீங்கள் பயன்படுத்தும் பாணியையே கொடுத்து, `Change page number` என்பதில் குறியிட்டு எண் 1 கொடுங்கள். ரைட்டர் ஒற்றைப்படை எண்ணை எப்போதும் முன்பக்கத்தில்தான் வைக்கும். முந்தைய பாடம் ஒற்றைப்படையில் முடிந்திருந்தால் நடுவில் தானாகவே ஒரு காலிப்பக்கத்தைச் சேர்த்துவிடும். ஒவ்வொரு பாடமும் 1 என்று எண்ணத் தொடங்குவதும் வினாத்தாளுக்குப் பொருத்தம்தான்.

ஆனால் ரைட்டரில் இன்னொரு படி பாக்கி இருக்கிறது. தானாகச் சேர்ந்த காலிப்பக்கங்களைப் பி.டி.எஃப் ஆக்கும்போது சேர்ப்பதா வேண்டாமா என்று அது நம்மிடம் விடுகிறது. `Export as PDF` பெட்டியின் `General` பகுதியில் `Export automatically inserted blank pages` என்று ஒரு கட்டம் உண்டு. அதில் குறி இல்லாவிட்டால் கோப்பில் காலிப்பக்கங்கள் வராது. பள்ளியில் நேராக அச்சடித்துப் பார்த்தபோது சரியாக வந்த கட்டு, பி.டி.எஃப் ஆக்கி வெளியே கொடுத்தபோது குலைந்து வருவதற்குக் காரணம் பெரும்பாலும் இந்தக் கட்டம்தான். நேரடி அச்சுக்கும் இதே போல ஒரு அமைப்பு `Tools`, `Options`, `LibreOffice Writer`, `Print` என்ற வழியில் இருக்கிறது. அங்கே `Print automatically inserted blank pages` என்பதில் குறி இருக்க வேண்டும்.

பெரும்பாலும் நமக்கு வருவது தனித்தனிப் பி.டி.எஃப் கோப்புகள்தான். ஐந்து ஆசிரியர், ஐந்து கோப்பு, சில நேரம் ஐந்து எழுத்துரு. அவற்றைச் சேர்க்கப் பி.டி.எஃப்.சாம் என்ற இலவச மென்பொருள் வசதியானது. அதன் `Merge` பகுதியில், சேர்க்கும் கோப்பின் பக்க எண்ணிக்கை ஒற்றைப்படையாக இருந்தால் முடிவில் ஒரு காலிப்பக்கம் சேர்க்கச் சொல்லும் ஒரு தேர்வு இருக்கிறது. அதில் குறியிட்டால் நாம் மேலே போட்ட கணக்கை அதுவே போட்டுவிடும். லினக்ஸ் கணினியில் கட்டளை கொடுத்துப் பழகியவர்கள் க்யூபிடிஎஃப் கொண்டும் செய்யலாம். ஏ4 அளவில் ஒரு காலிப்பக்கத்தை `blank.pdf` என்று சேமித்துக்கொண்டு, தேவையான இடங்களில் அதைச் செருகினால் சரி:

```
qpdf --empty --pages tamil.pdf blank.pdf english.pdf \
  maths.pdf blank.pdf science.pdf \
  social.pdf blank.pdf -- kattu.pdf
qpdf --show-npages kattu.pdf
```

இரண்டாவது கட்டளை மொத்தப் பக்கத்தைச் சொல்லும். நம் கட்டுக்கு 38 வர வேண்டும். வேறு எண் வந்தால் எங்கோ ஒரு காலிப்பக்கம் விட்டுப்போயிருக்கிறது, அல்லது யாரோ கடைசி நேரத்தில் ஒரு வினாவைச் சேர்த்து ஒரு பக்கம் கூட்டியிருக்கிறார்கள். எங்கள் பள்ளியில் இரண்டாவதுதான் அதிகம் நடக்கும்.

அந்தக் காலிப்பக்க ஆவணத்தின் அளவை ஏ4 என்று சொன்னதற்குக் காரணம் உண்டு. கணினியில் இயல்பு அளவு லெட்டராக இருந்தால் காலிப்பக்கமும் லெட்டர் அளவில் உருவாகும். அச்சு இயந்திரம் தமிழின் ஏழாவது பக்கம் வரை நன்றாக ஓடும். எட்டாவதில் நின்று லெட்டர் தாளை வைக்கச் சொல்லும். காகிதம் சிக்கிவிட்டது என்று நினைத்து இயந்திரத்தைத் திறந்து பார்த்துக்கொண்டிருப்போம். ஒவ்வொரு பாடத்தின் முடிவிலும் சரியாக நின்றால் காலிப்பக்கத்தின் அளவுதான் காரணம்.

இன்னொரு சிக்கல் இதற்கு நேர் எதிர். சில அச்சு இயந்திரங்களின் அமைப்பில் காலிப்பக்கங்களை அச்சடிக்காமல் தாண்டிச் செல்ல ஒரு தேர்வு இருக்கும். காகிதத்தை மிச்சப்படுத்த யாரோ அதை இயக்கி வைத்திருப்பார்கள். நாம் பார்த்துப் பார்த்து வைத்த காலிப்பக்கங்களை எல்லாம் அது தாண்டிவிடும். கட்டு பழையபடி குலைந்து வரும். கோப்பைத் திறந்து பார்த்தால் 38 பக்கம் சரியாக இருக்கும், தாளில் 18தான் வந்திருக்கும். இதற்கு எளிய வழி, காலிப்பக்கத்தை உண்மையில் காலியாக விடாமல் இருப்பதுதான். பக்கத்தின் நடுவில் சிறிய எழுத்தில் 'இப்பக்கம் காலியாக விடப்பட்டுள்ளது' என்று ஒரு வரி போட்டுவிடுங்கள். இயந்திரம் அதைக் காலி என்று எண்ணாது. தேர்வு அறையில் ஒரு மாணவர் கையைத் தூக்கி, "டீச்சர், எனக்கு ஒரு பக்கம் பிரிண்ட் ஆகல" என்று சொல்வதும் நின்றுவிடும். வேர்டும் ரைட்டரும் தாமாகச் சேர்க்கும் பக்கத்தில் இப்படி எழுத முடியாது. பி.டி.எஃப்.சாம் சேர்ப்பதும் வெறும் பக்கம்தான். அந்தச் சிக்கல் வரும் இயந்திரத்துக்கு மட்டும் நாமே கையால் பக்கத்தைச் சேர்க்க வேண்டும்.

இருபக்கமும் தானாக அச்சடிக்கும் இயந்திரம் இல்லாத பள்ளிகளில் இந்தக் காலிப்பக்கம் இன்னும் அவசியம். அங்கே முதலில் ஒற்றைப்படைப் பக்கங்களை அச்சடித்து, கட்டைத் திருப்பி வைத்து, பிறகு இரட்டைப்படைப் பக்கங்களை அச்சடிக்கிறோம். தமிழின் 7 பக்கத்தை நாற்பது செட்டாக இப்படி எடுத்தால் என்ன ஆகும்? முதல் ஓட்டத்தில் ஒரு செட்டுக்கு 1, 3, 5, 7 என நான்கு தாள். இரண்டாம் ஓட்டத்தில் 2, 4, 6 என மூன்றே பக்கம். முதல் செட்டில் 1இன் பின்னால் 2, 3இன் பின்னால் 4, 5இன் பின்னால் 6 என்று ஒழுங்காக வரும். 7இன் பின்னால் எதுவும் வரக்கூடாது. ஆனால் இயந்திரத்துக்கு அது தெரியாது. இரண்டாம் செட்டின் 2ஆம் பக்கத்தை அங்கே அடித்துவிடும். அதற்குப் பிறகு இரண்டாம் செட்டில் 1இன் பின்னால் 4, 3இன் பின்னால் 6 என்று எல்லாம் ஒரு தாள் தள்ளிப் போகும். முதல் செட்டை எடுத்துச் சரி பார்த்தவர் அதன் கடைசித் தாளைத் திருப்பாமல் விட்டால் கோளாறு தெரியாது. எட்டாவதாக ஒரு காலிப்பக்கம் இருந்தால் இரண்டு ஓட்டத்திலும் செட்டுக்கு நான்கு, நான்கு என்று சமமாகிவிடும். தனி ஒரு பாடத்தை மட்டும் அச்சடித்தாலும், பிரிக்க எதுவுமே இல்லாவிட்டாலும், இந்த முறையில் இரட்டைப்படை ஆக்கிக்கொள்வது நல்லது.

காகிதத்தை மிச்சம் பிடிக்க ஒரு முகத்தில் இரண்டு பக்கத்தைச் சிறிதாக்கி அச்சடிப்பதும் நம்மிடம் வழக்கம். அப்போது கணக்கு மாறிவிடும். ஒரு தாளில் கோப்பின் நான்கு பக்கம் அடங்குகிறது. ஆகவே ஒவ்வொரு பாடமும் நான்கின் மடங்கில் முடிய வேண்டும். ஆங்கிலத்தின் 6 பக்கம் இரட்டைப்படைதான், இருந்தும் போதாது. இரண்டு காலிப்பக்கம் சேர்த்து 8 ஆக்க வேண்டும். கணக்குக்கு மூன்று சேர்த்து 8. தமிழ் 8, அறிவியல் 8, சமூக அறிவியல் 12. மொத்தம் 44 பக்கம், 11 தாள். காலிப்பக்கம் சேர்க்காவிட்டால் 9 தாளில் முடிந்திருக்கும். பி.டி.எஃப்.சாமில் சொன்ன அந்தத் தேர்வு இங்கே உதவாது, அது ஒற்றைப்படையை இரட்டைப்படை ஆக்குவதோடு நின்றுவிடும். நடுவில் மடித்துக் கையேடாகத் தைப்பதற்கும் நான்கின் மடங்குதான் கணக்கு. ஆனால் மடிப்புக் கையேட்டில் முதல் பக்கமும் கடைசிப் பக்கமும் ஒரே தாளில் வருவதால், ஐந்து பாடத்தையும் ஒரே கையேடாக அடித்தால் எந்தக் காலிப்பக்கத்தாலும் அதைப் பிரிக்க முடியாது. பாடத்துக்கு ஒரு கோப்பாகத் தனித்தனியே கொடுக்க வேண்டும்.

நாற்பது செட்டும் ஒரே அடுக்காக வெளியே வரும்போது ஒரு செட் எங்கே முடிகிறது என்று எண்ணிக்கொண்டே பிரிப்பது பெரிய வேலை. மாணவருக்கு ஒரு கட்டு என்றால் அச்சடிக்கும்போது `Collate` குறியிட்டிருக்க வேண்டும். பாட ஆசிரியருக்கு ஒரு கட்டு என்றால், ஐந்தையும் சேர்க்காமல் பாடம் பாடமாக நாற்பது செட் எடுத்து, நடுவில் ஒரு வண்ணத் தாளை வைத்துவிடுவதே எளிது. இரண்டையும் குழப்பிக்கொண்டு, சேர்த்த கோப்பை நாற்பது முறை எடுத்துவிட்டுப் பிறகு பாடவாரியாகப் பிரிக்க உட்கார்ந்தால், நாற்பது கட்டையும் ஐந்து ஐந்தாகக் கலைக்க வேண்டும். ஆகவே முதலில் யார் கையில் எந்தக் கட்டு போகப் போகிறது என்று கேட்டுக்கொள்கிறேன். கோப்பைச் சேர்ப்பதா வேண்டாமா என்பதே அதைப் பொறுத்தது.

இப்போதெல்லாம் நாற்பதும் எடுக்கும் முன் ஒரே ஒரு செட் எடுக்கச் சொல்கிறேன். அதை மேசையில் வைத்து, முன்பக்கங்களை மட்டும் தாள் தாளாகப் புரட்டுகிறேன். ஐந்து பாடத்தின் தலைப்பும் வரிசையாகக் கண்ணில் பட வேண்டும். ஒரு தலைப்பு தட்டுப்படாமல் போனால் அது எங்கோ பின்பக்கத்தில் ஒளிந்திருக்கிறது. பிறகு கட்டைக் குப்புறப் போட்டுப் பின்பக்கங்களைப் புரட்டுகிறேன். அங்கே எந்தத் தலைப்பும் வரக்கூடாது, விடைக்குறிப்பு கட்டாயம் வரக்கூடாது. இரண்டு நிமிட வேலை. விடைக்குறிப்பை மட்டும் இப்போது எந்தக் கோப்போடும் சேர்ப்பதில்லை. அது தனிக் கோப்பு, தனி அச்சு, இழுப்பறையில் தனி உறை.